தினமும் கழற்றாமல் அணிய வெள்ளை நிறத் திருமண மோதிரம் வேண்டும். பிளாட்டினமா, வெள்ளைத் தங்கமா? ரோடியம் பூச்சு என்கிறார்களே, அது எவ்வளவு நாள் நிற்கும்?

கழற்றவே போவதில்லை என்றால் என் பதில் பிளாட்டினம். நகைப் பட்டறையில் மோதிரங்களைப் பழுதுபார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ரோடியத்தைத் தனி வகை மோதிரமாக எண்ண வேண்டாம். அது வெள்ளைத் தங்கத்தின் மேல் ஏறும் தோல். 18 காரட் வெள்ளைத் தங்கத்தில் முக்கால் பங்கு தங்கம்தான். மீதியில் பல்லேடியமோ நிக்கலோ கலந்து மஞ்சளை அடக்குகிறார்கள். அப்படியும் இலேசான மஞ்சளோ சாம்பலோ நின்றுவிடும். கடையில் பளீரென்று தெரியும் வெண்மை ரோடியத்துடையது. அது கடினமான உலோகம், ஆனால் பூச்சின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு.

தேய்மானம் முதலில் உள்ளங்கைப் பக்கம் தெரியும். வண்டியின் கைப்பிடி, பாத்திரம், கதவு எல்லாம் உரசும் இடம் அதுதானே. மோதிரத்தை வெள்ளைத் தாளில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேல்பகுதி வெள்ளையாகவும் அடிப்பகுதி வெளிறிய மஞ்சளாகவும் இருந்தால் பூச்சு போய்விட்டது. தினமும் அணிந்தால் ஓரிரு ஆண்டுகளில் இந்த நிலை வரும்; சிலருக்கு அதற்கு முன்பே வந்துவிடும்.

மறுபடி பூசுவதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. அதற்கு முன் நடக்கும் வேலையைத்தான் கவனிக்க வேண்டும். கீறல் இருந்தால் பூச்சு அதை மறைக்காது. அதனால் முதலில் மெருகுச் சக்கரத்தில் தேய்த்துச் சமன்செய்கிறோம். பிறகு சுத்தம் செய்து, ரோடியக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுகிறோம். ஒவ்வொரு மெருகிலும் கொஞ்சம் தங்கம் போகிறது. கல் பதித்த மோதிரத்தில் கல்லைப் பிடித்திருக்கும் கம்பிகள் மெலிந்துகொண்டே வரும். ஆகவே பூசக் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கம்பிகளை லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளாட்டினத்திலும் கீறல் விழும், சொல்லப்போனால் எளிதாகவே விழும். ஆனால் கீறும்போது உலோகம் பெரும்பாலும் உதிர்ந்து போகாமல் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கிறது. அதனால் பளபளப்பு மங்கி மென்சாம்பல் நிறம் படரும், எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். அந்த மங்கல் பிடிக்காதவர்கள் அடிக்கடி மெருகிடச் சொல்கிறார்கள்; அப்படிச் செய்தால் இந்த நன்மையே வீணாகிவிடும். உள்ளிருந்து மஞ்சள் எட்டிப்பார்க்காது என்பதால் பூச்சு தேவையில்லை. உள்பக்கம் Pt950 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நூற்றுக்கு 95 பங்கு பிளாட்டினம் என்று அர்த்தம்.

இதன் சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. பிளாட்டினம் உருக 1768 டிகிரி செல்சியஸ் வேண்டும், வழக்கமான தங்கப் பட்டறைச் சுடர் போதாது. விரல் பருத்து அளவு மாற்ற நேர்ந்தால் அதற்கான கருவி உள்ள பட்டறையைத் தேட வேண்டும். எனவே வாங்கும் கடையிலேயே அளவு மாற்றித் தருவார்களா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். அடர்த்தி அதிகம் என்பதால் 4 கிராம் வெள்ளைத் தங்க மோதிரத்தின் அதே வடிவம் பிளாட்டினத்தில் ஐந்து கிராமைத் தாண்டும். கிராம் விலையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள்.

வெள்ளைத் தங்கம்தான் என்று முடிவானால், நிக்கல் கலக்காத பல்லேடியக் கலவையா என்று கேளுங்கள். நிக்கல் ஒவ்வாத தோலில், பூச்சு தேய்ந்தபின் அரிப்பு வரும். பிளீச்சிங் பவுடர் கொண்டு தரை கழுவும்போது மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். குளோரின் பட்டால் நிக்கல் கலந்த தங்கத்தில், அதுவும் மெலிந்த கம்பிகளில், வெடிப்பு விழக்கூடும்.