அதே மாத்திரை, நாலாவது தடவை

"வெள்ளைப்படுதல், அரிப்பு. இந்த வருஷம் நாலாவது தடவை. பாறசாலை மெடிக்கல்ல அதே மாத்திரையை வாங்கவா?"

இந்தத் தடவை வேண்டாம், சகோதரி. எப்போதாவது ஒருமுறை, தயிர்க்கட்டி மாதிரி வெள்ளையும் அரிப்பும் வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று; ஃபுளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒன்றோ, உள்ளே வைக்கும் குளோட்ரிமசோலோ போதும். கர்ப்பம் என்றால் ஃபுளூகோனசோல் மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

வருஷத்தில் மூன்றைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். முதலில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பாருங்கள். ஏற்கெனவே சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறீர்களா? அது சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும், பூஞ்சைக்கு அதுவே தீனி. அப்புறம், மருந்து போடுமுன் பெண் மருத்துவரிடம் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். சில பூஞ்சை வகை இந்த மாத்திரைக்கு மசியாது. மீன் வாடையோடு நீர்த்துப் போனால் அது பெரும்பாலும் பூஞ்சை இல்லை, பாக்டீரியா. பூஞ்சைதான் என்று உறுதியானால் வாரம் ஒரு மாத்திரை, ஆறு மாதம் தருவார்கள்.