ஐந்து அலகுகளும் அறுபது மணி நேரமும்

அன்புள்ள ஐயா,

முதலாண்டு மாணவர்களுக்கான அறிமுகப் புள்ளியியல் தாளின் பாடத்திட்டத்தைத் திருத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வாரம் 4 மணி நேரம், 15 வாரங்கள். விவரப் புள்ளியியல், நிகழ்தகவு, பரவல்கள், மதிப்பீடு, எடுகோள் சோதனை என 5 அலகுகள். ஒவ்வொன்றுக்கும் 12 மணி நேரம். ஐந்தாம் அலகை ஆண்டுதோறும் கடைசி வாரத்தில் ஓட்டித்தான் முடிக்கிறோம். வினாத்தாளில் எல்லா அலகுகளுக்கும் சம மதிப்பெண் என்பதால் அலகுகளும் சமமாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள். இறுதியில் 14 பார்வை நூல்களின் பட்டியல் உள்ளது. மாணவர்கள் அதைத் தொடுவதேயில்லை. நேரத்தை எப்படிப் பிரிப்பது?

க.

அன்புள்ள க.,

அலகுகளை இப்போதைக்கு மறந்துவிட்டு, தாளின் கடைசி வகுப்பிலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்குங்கள். 60 மணி நேரத்தில் தேர்வுகளுக்கும் அவற்றின் விடைத்தாள்களை வகுப்பில் பேசுவதற்கும் 4 மணி நேரத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டால், கையில் இருப்பது 56. இந்தக் கழித்தலைச் செய்யாத திட்டங்களில், அந்த நான்கு மணி நேரமும் தவறாமல் கடைசி அலகிலிருந்துதான் பிடுங்கப்படுகிறது.

இனி, பருவத்தின் முடிவில் மாணவர் எதைத் தாமாகச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே தெரியும் வேறுபாடு தற்செயலானதா என்று சோதித்து, முடிவை நாலு வாக்கியங்களில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இல் எடுகோளின் தருக்கமும் இருவகைப் பிழைகளும் 3 மணி நேரம், ஒரு கூறின் சராசரிக்கான z சோதனை 2, t சோதனை 2, இரு கூறுகளின் ஒப்பீடு 2, இணைக்கூறுச் சோதனை 1, கை வர்க்கச் சோதனை 3, கலப்புப் பயிற்சி 1 என 14 மணி நேரம் ஆகிறது. உங்கள் திட்டம் இதற்குக் கொடுத்திருப்பது 12. நடைமுறையில் கிடைப்பதோ நான்கு.

இதற்கு முந்தைய படியில்தான் கணக்கு பெரும்பாலும் பிசகுகிறது. ‘கூறு சராசரியின் பரவல்’ என்பது பாடத்திட்டத்தில் மூன்று சொற்கள். ‘சராசரி, இடைநிலை, முகடு’ என்பதும் மூன்று சொற்கள். பின்னதைப் பள்ளியிலேயே படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். முன்னதற்கு நான்கு வேண்டும். முதல் மணியில் ஒரு பெட்டியில் எண் எழுதிய சீட்டுகளைப் போட்டு, ஒவ்வொரு மாணவரும் ஐந்தைந்தாக எடுத்துச் சராசரி காண்பார்கள். இரண்டாவதில் அந்தச் சராசரிகளை எல்லாம் ஒரே வரைபடத்தில் குறித்து, சீட்டு எண்களைவிடச் சராசரிகள் நெருங்கி நிற்பதைப் பார்ப்பார்கள். மூன்றாவதில் திட்டப்பிழை σ/√n எங்கிருந்து வருகிறது என்பதையும், கூறின் அளவு நான்கு மடங்கானால் பிழை பாதியாகத்தான் குறையும் என்பதையும் காண்பார்கள். நான்காவது பயிற்சிக்கு. இதை ஒரே மணியில் சுருக்கிவிட்டால் எடுகோள் சோதனை முழுவதும் வாய்ப்பாட்டில் எண்ணைப் பொருத்தும் வேலையாகிவிடும். திட்டப்பிழைக்கும் திட்ட விலக்கத்துக்கும் வேறுபாடு கேட்டால் விடைத்தாளில் அது உடனே தெரிந்துவிடும்.

இப்படியே பின்னோக்கிச் சென்றால் கூறெடுப்பு முறைகள் 2, கூறு சராசரியின் பரவல் 4, மைய எல்லைத் தேற்றம் 2, புள்ளி மதிப்பீடு 2, நம்பிக்கை இடைவெளி 3 என நான்காம் அலகுக்கு 13 வருகிறது. பரவல்களில் சமவாய்ப்பு மாறிக்கு 3, எதிர்பார்ப்புக்கும் மாறுபாட்டுக்கும் 3, ஈருறுப்புப் பரவல் 2, பாய்சான் 2, இயல்நிலைப் பரவல் 3, ஆக மீண்டும் 13. நிகழ்தகவில் எண்ணுதலும் கூறுவெளியும் 3, கூட்டல், பெருக்கல் விதிகள் 2, நிபந்தனை நிகழ்தகவு 3, பேயஸ் தேற்றம் 2 என 10. விவரப் புள்ளியியலுக்கு எஞ்சுவது 6, அது போதும். முதல் அலகை நாம் நீட்டுவதற்கு அது எளிதாகவும் இனிமையாகவும் நடக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

6, 10, 13, 13, 14 என்பதைக் குழு ஏற்காது. சம மதிப்பெண் என்ற விதி இருக்கும்வரை அவர்களுடைய தயக்கத்தில் நியாயமும் உண்டு; ஆறு மணி நேரப் பாடத்துக்கும் பதினான்கு மணி நேரப் பாடத்துக்கும் ஒரே மதிப்பெண் என்றால், மாணவர் எதைப் படித்து எதை விடுவார் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அலகு என்பது தலைப்பின் எல்லையோடு முடிய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நேரத்தைத் தொடாமல் கோட்டை மட்டும் நகர்த்துங்கள். விவரப் புள்ளியியலோடு எண்ணுதலையும் கூட்டல், பெருக்கல் விதிகளையும் சேர்த்தால் முதல் அலகு 11. நிபந்தனை நிகழ்தகவு, பேயஸ் தேற்றம், சமவாய்ப்பு மாறி, எதிர்பார்ப்பு ஆகியவை இரண்டாவது, அதுவும் 11. மூன்று பரவல்களும் கூறெடுப்பு முறைகளும் கூறு சராசரியின் பரவலும் மூன்றாவதில் 13. மைய எல்லைத் தேற்றம், இருவகை மதிப்பீடுகள், இல் எடுகோளின் தருக்கம் ஆகியன நான்காவதில் 10. சோதனைகள் மட்டும் ஐந்தாவதில் 11. கூட்டிப் பாருங்கள், அதே 56தான். எடுகோளின் தருக்கம் நான்காம் அலகிலேயே முடிந்துவிடுவதால், கடைசி வாரங்களில் நேரம் சற்றுக் குறைந்தாலும் அடிப்படை போகாது.

தலைப்புகளை எழுதும்போது அவை எங்கே நிற்கின்றன என்பதையும் எழுதுங்கள். நான் முதன்முதலில் எழுதிய பாடத்திட்டத்தில் ‘மைய எல்லைத் தேற்றம்’ என்று மட்டும் இருந்தது. வகுப்பெடுத்தவர் பயன்பாட்டோடு நிறுத்திக்கொள்ள, வேறொரு கல்லூரியிலிருந்து வினாத்தாள் எடுத்தவர் நிரூபணத்தைக் கேட்டுவிட்டார். இருவர் மீதும் குற்றமில்லை, எழுதியவன் நான். ‘கூற்றும் பயன்பாடும் மட்டும், நிரூபணம் இல்லை’ என்ற ஐந்து சொற்கள் அதைத் தவிர்த்திருக்கும். வினாத்தாள் எடுப்பவர் உங்கள் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. அவருக்குக் கிடைப்பது இந்த அச்சிட்ட பக்கம் மட்டுமே.

பதினான்கு நூல்களை ஒரு பாடநூல், இரண்டு பார்வை நூல்கள் என்று குறையுங்கள். பாடநூலுக்கு எதிரே ஒவ்வோர் அலகுக்கும் உரிய பகுதிகளைக் குறித்துவிடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு இயல் எண்கள் மாறுவதால், பதிப்பைக் குறிப்பிடுவதோடு இயலின் தலைப்பையும் எழுதுவது நல்லது. பார்வை நூல்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவற்றின் குறியீடுகளைப் பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கூறின் மாறுபாட்டைக் காண ஒரு நூல் n ஆல் வகுக்கும், இன்னொன்று n−1 ஆல் வகுக்கும். 2, 4, 6 என்ற மூன்று எண்களுக்கு முதல் நூலின் விடை 2.67, இரண்டாவதன் விடை 4. அதேபோல் N(50, 4) என்று எழுதினால் சில நூல்களில் 4 என்பது மாறுபாடு, சிலவற்றில் திட்ட விலக்கம். நூலகத்தில் இரண்டையும் திறந்து வைத்திருக்கும் மாணவர், பிழை தம்முடையது என்று எண்ணி இரண்டையுமே மூடிவிடுவார். அத்தகைய நூல் மற்ற வகையில் சிறந்ததாக இருந்தால் விலக்க வேண்டாம்; பட்டியலில் அதன் கீழேயே ‘இந்நூலில் வகுப்பது n ஆல்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அச்சில் அலகு வாரியான மொத்த நேரம் மட்டுமே வந்தாலும், தலைப்பு வாரியான பிரிவைத் தனித்தாளாகத் துறையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பத்தியைக் காலியாக விட்டு, பாடம் எடுப்பவர் உண்மையில் செலவழித்த நேரத்தை வாரம்தோறும் எழுதட்டும். என் ஊகத்தில், முதல் ஆண்டே நிபந்தனை நிகழ்தகவுக்கு எதிரே 3 என்பது 4 ஆகியிருக்கும். அதற்கான ஒரு மணி நேரத்தைப் பாய்சானிலிருந்து எடுங்கள்.