விரதம் இருந்த இரண்டாம் நாள்

கேள்வி: கிளிநொச்சிப் பக்கத்தில் உளசமூகப் பணியாளராக இருக்கிறேன். குடிப்பவர்களுடன் பேசி எழுதும் குறிப்பு கதைபோல் நீண்டுவிடுகிறது. அளவு, குடிக்கும் முறை, நிறுத்தும்போது வருவது, விளைவு என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: ஒரு மேசனைப் பற்றிய குறிப்பு இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். "பின்னேரத்தில் கொஞ்சம் குடிப்பார். காலையில் கை நடுங்கினால் ஒரு வாய். மனைவி தாய் வீட்டில். முன்பு ஒருமுறை வலிப்பு. பீடி உண்டு."

முதலில் 'கொஞ்சம்' என்பதை உடையுங்கள். எந்தச் சரக்கு, எந்தப் போத்தல், தனியாகவா, பங்கு போட்டா என்று கேட்டதில், வேலைநாள் ஐந்திலும் கால் போத்தல் சாராயம், சனியும் ஞாயிறும் அரைப் போத்தல் என்று வந்தது. கால் என்பது 180 மில்லிலீட்டர். சாராயத்தின் வீரியத்தை 36 சதவீதமாக எடுத்து, மதுசாரத்தின் அடர்த்தியான 0.8 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 52 கிராம் மதுசாரம். வாரத்துக்கு ஏறக்குறைய 470 கிராம் வரும். கசிப்பு என்றால் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அதன் வீரியம் வடிக்கு வடி மாறும். எத்தனை கிளாஸ் என்று மட்டும் எழுதுங்கள். பீடிக்குத் தனி வரி.

முறைக்கு இரண்டு வரி போதும்: எப்போது தொடங்கியது, எந்த நாளில், யாருடன், எந்த நேரத்தில்.

பலர் தவறுவது நிறுத்தும்போது வருவது என்ற மூன்றாவது தலைப்பில்தான். காலையில் நடுக்கத்தை அடக்கக் குடிப்பதை வெறும் பழக்கமாக எண்ணி முறையின் கீழ் எழுதிவிடுகிறார்கள். அது இங்கேயும் வர வேண்டும். அந்த 'வலிப்பு' பழைய நோய் வரலாற்றில் கிடந்தது. எப்போது வந்தது என்று மீண்டும் கேட்டபோது, வற்றாப்பளைப் பொங்கலுக்கு விரதம் இருந்து, குடியை விட்ட இரண்டாம் நாள் விழுந்து இழுத்தது என்றார். அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. குடியை நிறுத்தியதால் வரும் வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும். குழப்பமும் இல்லாததைக் காண்பதும் பொதுவாக இரண்டு மூன்று நாள் கழித்து. ஆகவே கடைசியாகக் குடித்த நாளும் மணியும், எத்தனை மணித்தியாலம் கழித்து என்ன வந்தது, எதனால் அடங்கியது என்பவை இந்தத் தலைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும்.

விளைவில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். மனைவி தாய் வீட்டில் இருக்கிறார் என்பது நிகழ்வு. குடியால் போனார் என்பது யாரோ சொன்னது. சொன்னவர் கணவரா, மனைவியா, அயலவரா என்று குறிக்காமல் எழுதாதீர்கள். எனக்கு இதில் சலிப்பு அதிகம். ஒருவர் ஊகித்து எழுதியதை அடுத்தவர் உண்மையென்று படியெடுக்கிறார்.

இந்த மேசன் இந்த வருடப் பொங்கலுக்கும் விரதம் பிடிக்கப்போவதாகச் சொல்லியிருந்தால், அந்த வரியை மூன்றாவது தலைப்பின் உச்சியில் எழுதுங்கள். விரத நாளுக்கு முன்பே அவரை வைத்தியசாலையில் மருத்துவர் பார்க்க வேண்டும். அதுவரை திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று அவரிடமும் வீட்டாரிடமும் சொல்லுங்கள்.