பத்தாண்டு நிறைவு நாளில் கடைக்காரர் பேச வேண்டிய நன்றியுரை

கேள்வி: களுவாஞ்சிகுடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வரும் யூன் மாதம் கடைக்குப் பத்து வருசம் நிறைகிறது. அன்றைக்கு வாடிக்கையாளருக்கு நன்றி சொல்லிப் பேச ஓர் உரை வேண்டும். நெடுநாள் வாடிக்கையாளருக்குப் பரிசு கொடுக்கவும் விருப்பம். ஆனால் கிடைக்காதவர்கள் மனம் கோணக் கூடாது. எப்படிப் பேசுவது?

பதில்: உரையை எழுத உட்காருவதற்கு முன்னர், பரிசு யாருக்கு என்பதை நீங்கள் தீர்மானித்து முடித்திருக்க வேண்டும். இத்தகைய உரைகளில் நன்றி சொல்லும் பகுதி அநேகமாகச் சரியாகவே அமைந்துவிடும். பரிசை அறிவிக்கும் இரண்டு மூன்று வாக்கியங்கள்தான் சறுக்கும். “நெடுநாள் வாடிக்கையாளர்களுக்கு விசேட பரிசு உண்டு” என்று மட்டும் சொன்னால், கூடியிருக்கும் ஒவ்வொருவரும் அது தமக்கே என்று எண்ணிக்கொள்வார்கள். உரை முடிந்ததும் “எனக்கு இல்லையா?” என்ற கேள்வி கல்லாவுக்கு முன்னால் எழுந்தால், விதி தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதே பொருள்.

பட்டியல் தயாரிக்கும்போது பலரும் முதலில் புரட்டுவது கடன் கொப்பியைத்தான். அதில் ஒரு பொறி இருக்கிறது. கொப்பியில் பெயர் இருப்பவர் கடனுக்கு வாங்குபவர். மாதந்தோறும் காசைக் கையில் கொடுத்துவிட்டு ஓசையின்றிப் போகும் குடும்பத்தின் பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்காது. கொப்பியை மட்டும் நம்பினால், உங்களுக்கு ஒருநாளும் சிரமம் தராதவர்களையே விட்டுவிடுவீர்கள். ஆகவே இரண்டு மாதங்களுக்கு முன்பே ஒரு தனிக் கொப்பி திறந்து, மாதச் சாமான் வாங்க வருபவர்களின் பெயர்களை எழுதி வாருங்கள். எத்தனை ஆண்டுகளாக வருகிறார்கள் என்பதைக் கடையில் சாமான் நிறுக்கும் பையன்களிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தகுதியைத் தொகையால் அளக்காமல் ஆண்டுகளால் அளப்பது நல்லது. சிறிய குடும்பம் குறைவாகத்தான் வாங்கும், ஆனால் அதுவும் பத்தாண்டுகளாக வந்திருக்கக்கூடும்.

பரிசாக விலைக்கழிவு கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. சீனி, அரிசி, பருப்பு ஆகியவற்றில் எஞ்சுவது சொற்பமே. உதாரணமாக, 100 ரூபாய் விற்பனையில் உங்களுக்கு 8 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதக் கழிவு கொடுத்தால் ஒவ்வொரு நூறுக்கும் 2 ரூபாய் கைநட்டம், அதுவும் எவ்வளவு விற்கிறதோ அவ்வளவுக்குக் கூடும். இதற்கு மாறாக, பெறுமதி முன்கூட்டியே தெரிந்த ஒரு சாமான் பொதியில் செலவு கட்டுக்குள் நிற்கும். மாதம் 20,000 ரூபாய்க்கு வாங்கும் குடும்பம் ஆண்டில் 240,000 ரூபாய்க்கு வாங்குகிறது. அதில் உங்களுக்கு நிற்பது 19,200 ரூபாய். அதிலிருந்து 1,000 ரூபாய்ப் பொதி ஒன்று கொடுப்பது ஏறக்குறைய 5 சதவீதம்தான். 60 குடும்பங்களுக்கு 60,000 ரூபாய் என்று இன்றே எடுத்து வைத்துவிடலாம். உங்களிடம் எல்லாச் சமயத்தாரும் வருவதால், சமைத்த உணவைத் தவிர்த்து, உறை பிரிக்காத அரிசி, பருப்பு, தேயிலை போன்றவற்றைப் பொதியில் இடுவது எவருக்கும் சங்கடம் தராது.

இனி உரை. பெயர்களையும் எண்களையும் உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

“வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடை திறந்து இன்றோடு 10 ஆண்டுகள் நிறைகின்றன. முதல் நாள் இந்த மேசைக்குப் பின்னால் நான் ஒருவனே நின்றேன். இன்று நான்கு பேர் நிற்கிறோம். இந்த நான்கு வீடுகளிலும் உலை ஏறுவது உங்களால்தான்.

வீட்டுக்கு அருகிலேயே கடை இருந்தும் எங்களைத் தேடி வருகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். படுவான்கரையிலிருந்து வாவியைக் கடக்கும் பாதைப் படகேறி, குருமண்வெளித் துறையில் இறங்கி, மாதச் சாமானைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். 2022ஆம் ஆண்டு பால்மா கேட்டு வந்தபோது ‘இல்லை’ என்று நாங்கள் சொன்ன நாட்களிலும் கோபிக்காமல் மறுபடியும் வந்தீர்கள். அவை எல்லாம் எங்கள் நினைவில் இருக்கின்றன. உங்கள் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

மூன்று ஆண்டுகளுக்கு மேலாக மாதச் சாமானை இங்கே வாங்கிவரும் 60 குடும்பங்களுக்கு ஒரு சாமான் பொதி ஒதுக்கியிருக்கிறோம். அதற்கான சீட்டு அவர்களிடம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுள்ளது. யூன் 30 வரை எந்த நாளிலும் பெற்றுக்கொள்ளலாம், அதற்காக எதுவும் வாங்க வேண்டியதில்லை. மற்ற எல்லோருக்கும் இன்று ஓர் அட்டை தருகிறோம். 10,000 ரூபாய்க்குக் குறையாமல் வாங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அதில் ஒரு முத்திரை இடுவோம். 12 முத்திரைகள் சேர்ந்ததும் அதே பொதி உங்களுக்கும் கிடைக்கும். இப்போது எல்லோரும் தேநீர் அருந்திச் செல்லுங்கள்.”

இதை நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நின்றுகொண்டு கேட்பவர்களுக்கு அதற்கு மேல் பொறுமை இராது. உங்கள் வாழ்க்கை வரலாறு ஒரே வாக்கியத்தில் நின்றுவிடுவதைக் கவனியுங்கள். பலர் அங்கேதான் பத்து நிமிடத்தைச் செலவிட்டுவிடுவார்கள்.

2022 பற்றிய வரியை, அது உங்கள் கடையைப் பொறுத்தவரை உண்மையாக இருந்தால் மட்டுமே சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் எந்தக் கடை சாமானைப் பதுக்கியது, எது கூட்டி விற்றது என்பதை ஊர் மறக்கவில்லை; அப்படியொரு மனக்குறை உங்கள்மீது இருக்குமானால், அந்த வரி நன்றியைக் கிண்டலாக மாற்றிவிடும்.

‘கடன்’ என்ற சொல் உரையில் எங்கும் இல்லாததும் திட்டமிட்டதே. வெள்ளாமை வெட்டிய பின் கணக்குத் தீர்க்கும் விவசாயிக்கும், மீன்பாடு குறைந்த மாதத்தில் பிந்திக் கொடுக்கும் கடற்றொழிலாளிக்கும் நீங்கள் நன்றி சொல்ல விரும்புவது நியாயமே. ஆனால் “கடனை ஒழுங்காகத் திருப்பித் தந்தவர்களுக்கு நன்றி” என்று ஒலிபெருக்கியில் சொன்னால், இன்னும் கொடுக்காதவர் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார். அதைப் பொதியைக் கையில் கொடுக்கும்போது தனியே சொல்லிக்கொள்ளுங்கள். நிலுவை இருக்கிறது என்பதற்காக ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கவும் வேண்டாம். பொதியைக் கொடுத்துவிட்டு அதே மூச்சில் பழைய கணக்கைக் கேட்பது அதைவிட மோசமானது.

பெயர் வாசிப்பதையும் நான் தவிர்த்திருக்கிறேன். அறுபது பெயரை வாசிக்கும்போது ஒன்று விடுபட்டாலும், அந்த ஒருவர்தான் உங்கள் நினைவுக்கு வராத காசு வாடிக்கையாளராக இருப்பார். அதனால்தான் சீட்டை முந்திய வாரமே கையில் சேர்த்துவிடச் சொல்கிறேன். அப்போது யாராவது “என்னை மறந்துவிட்டீர்களே, தம்பி” என்று கேட்டால் அவரைச் சேர்த்துக்கொள்ள அவகாசம் இருக்கும். அதற்காக ஐந்தாறு பொதிகளைக் கூடுதலாகக் கட்டி வையுங்கள். குலுக்கல் முறை இந்த நாளுக்குப் பொருந்தாது. அதில் நேற்று வந்தவருக்கும் பரிசு விழலாம். பத்தாண்டுகளாக வருபவர் வெறுங்கையோடு போகலாம்.

ஒலிபெருக்கி பாவிப்பதானால் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள். மருதமுனையிலிருந்து வருபவர்கள் அந்நேரம் ஜும்ஆவுக்குச் சென்றிருப்பார்கள். மாலையானால், படுவான்கரைக்காரர்கள் கடைசிப் பாதையைப் பிடிப்பதற்கு வசதியாகத் தேநீரும் முடிந்திருக்க வேண்டும். அட்டையில் இடும் முத்திரைக்கு உங்கள் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் எவர் நின்றாலும் அதன்பிறகு கணக்கு மாறாது.