"12 மணி நேரம் நிற்கும்" என்று எழுதலாமா?

கேள்வி: கன்னோஜிலிருந்து அத்தர் வரவழைத்து, 6 மி.லி. ரோல்-ஆன் குப்பியில் நிரப்பி இணையத்தில் 250 ரூபாய்க்கு விற்கிறேன். எலுமிச்சை, மல்லிப்பூ, வெட்டிவேர், சந்தனம் கலந்த வாசனை. "100% தூய அத்தர், 12 மணி நேரம் நிற்கும்" என்று போட்டிருந்தேன். ஒருவர் மதியத்துக்குள் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் மல்லியே தெரியவில்லை என்கிறார். விவரத்தை எப்படித்தான் எழுதுவது?

பதில்: அந்த 12 மணி நேரம் எங்கே அளந்தது? பெரும்பாலும் சப்ளையர் சொன்ன கணக்காக இருக்கும், அல்லது துணியில் தடவிப் பார்த்ததாக இருக்கும். துணியிலும் காகிதத்திலும் வாசனை தோலில் இருப்பதைவிட வெகுநேரம் நிற்கும். தோலுக்குச் சூடு உண்டு, வியர்வை உண்டு. அதனால் சித்திரை வெயிலில் பஸ்ஸில் போகிறவரின் கையிலும் ஏசி அறையில் இருப்பவரின் கையிலும் ஒரே அத்தர் ஒரே நேரம் நிற்காது. வாங்குபவர் தோலில்தான் போடப் போகிறார், எனவே தோலில் அளந்ததையே எழுதுங்கள்.

அளப்பது எளிது. வீட்டில் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கு, சோப்பு வாசனை இல்லாமல் கழுவித் துடைத்த முன்கையின் உட்புறத்தில் ரோல்-ஆனை ஒருமுறை விரல் நீளத்துக்கு உருட்டுங்கள். எல்லோருக்கும் அதே அளவு. அரை மணி நேரத்திலும், பிறகு 8 மணி நேரம் வரை மணிக்கொருமுறையும் இரண்டு விஷயங்களைக் குறியுங்கள். ஒரு கை தூரத்தில் நிற்பவருக்குத் தெரிகிறதா? மூக்கைத் தோலுக்கு அருகில் கொண்டுபோனால் தெரிகிறதா? பூசிக்கொண்டவரே முகர்ந்து சொல்லக் கூடாது, வேறொருவர்தான் சொல்ல வேண்டும். ஒரே வாசனையில் இருக்கும் மூக்கு கொஞ்ச நேரத்தில் அதைக் கவனிப்பதை விட்டுவிடும். "போய்விட்டது" என்று வரும் புகார்களில் சிலவற்றுக்கு இதுவே காரணம்: பக்கத்தில் இருப்பவருக்கு இன்னும் மணக்கும், போட்டவருக்குத் தெரியாது.

எடுத்துக்காட்டாக, ஐந்து பேரில் மூன்று பேருக்கு 2 மணி நேரமும் இரண்டு பேருக்கு 3 மணி நேரமும் சற்றுத் தள்ளித் தெரிந்தது, தோலருகே 5 முதல் 8 மணி நேரம் வரை தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது "பக்கத்தில் இருப்பவருக்கு சுமார் 2-3 மணி நேரம் தெரியும், தோலருகே 5 மணி நேரத்துக்கு மேல்" என்று எழுதலாம். ஒருவர் கையில் கிடைத்த அதிகபட்சமான 8-ஐ எழுதினால் மற்ற நான்கு பேரின் புகாரும் உங்களுக்கு வந்து சேரும்.

மல்லி தெரியாமல் போனதற்கும் நேரக் கணக்குதான் காரணமாக இருக்கலாம். எலுமிச்சை எளிதில் ஆவியாகும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிடும். மல்லி நடுவில் வந்து போகும். வெட்டிவேரும் சந்தனமும் கனமானவை, கடைசிவரை இருப்பவை அவைதான். நான்கையும் ஒரே வரியில் அடுக்கினால், நாள் முழுக்க மல்லி மணக்கும் என்று வாசிப்பவர் நினைப்பார். எது முதலில் வருகிறது, எது மிஞ்சுகிறது என்று வரிசைப்படுத்துங்கள். மல்லி மென்மையாகத்தான் இருக்கிறது என்றால் "லேசான மல்லி" என்றே எழுதுங்கள்.

"100% தூய" என்பதை எடுத்துவிடுங்கள். மல்லிகைப் பூவிலிருந்து கரைப்பான் வழியே ஒரு கிலோ சாறு எடுக்க சுமார் 600-700 கிலோ பூ வேண்டும். பூவைக் கிலோ 500 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு கிராமுக்குப் பூச்செலவே 300 ரூபாய்க்குக் குறையாது. 6 மி.லி.யை 250 ரூபாய்க்கு விற்றுக்கொண்டு அது முழுக்கப் பூவின் சாறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் செய்த மல்லி வாசனை இழிவானதல்ல, சந்தையில் பெரும்பாலானவை அதுதான். "மல்லி வாசனை" என்றால் உண்மை, "மல்லிகைப் பூவிலிருந்து எடுத்தது" என்றால் வேறு வாக்குறுதி.

வீரியத்தை எழுதும்போது இன்னொரு குழப்பம் வரும். செறிவு வேறு, வீச்சு வேறு. வெட்டிவேர் செறிவாக இருந்தாலும் அடக்கமாக உடம்போடு ஒட்டிக் கிடக்கும். மல்லி குறைந்த அளவிலேயே அறை முழுக்கப் பரவும். எனவே "ஸ்ட்ராங்" என்ற ஒற்றைச் சொல் எதையும் சொல்வதில்லை. எத்தனை சதவீதம் வாசனை எண்ணெய், மீதி என்ன என்று சப்ளையரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்லவில்லையென்றால் சதவீதத்தை விட்டுவிட்டு, வீச்சை மட்டும் "அடக்கமானது" என்பதுபோல் சொல்லுங்கள்.

அளவில் ஒரு சிக்கல் பலர் கண்ணுக்குத் தப்பும். அத்தரைத் தோலா கணக்கில் விற்கும் பழக்கம் உண்டு. ஒரு தோலா 11.66 கிராம், சந்தன எண்ணெய் என்றால் அது கிட்டத்தட்ட 12 மி.லி. வரும். அதனால்தான் 3, 6, 12 மி.லி. குப்பிகள். ஆனால் மலிவான கலவைகளை நீர்க்கச் செய்யச் சேர்க்கும் டைஎத்தில் தாலேட் என்ற திரவம் சந்தன எண்ணெயைவிடக் கனமானது. அது பெரும்பங்கு இருக்கும் கலவையைத் தராசில் 6 கிராம் என்று நிறுத்து ஊற்றினால் குப்பியில் 5.4 மி.லி. அளவுக்குத்தான் இருக்கும். லேபிளில் 6 மி.லி. என்று போட்டுவிட்டால் அளவு குறைவு என்ற புகாரில் நீங்கள் மாட்டுவீர்கள். ஊசிக்குழாயால் அளந்து நிரப்புங்கள். படத்தில் குப்பியை ஒரு கையில் வைத்துக் காட்டுங்கள்; அடிக்கண்ணாடி தடித்த குப்பி தனியாகப் படத்தில் 20 மி.லி. போலத் தெரியும்.

எல்லாம் சேர்த்து விவரம் இப்படி வரலாம்:

"மல்லி-வெட்டிவேர் அத்தர், ஆல்கஹால் இல்லாதது. 6 மி.லி. ரோல்-ஆன். முதல் பத்து நிமிடம் எலுமிச்சை, பிறகு லேசான மல்லி, கடைசியில் வெட்டிவேரும் சந்தனமும். வீச்சு அடக்கமானது: பக்கத்தில் இருப்பவருக்கு சுமார் 2-3 மணி நேரம், தோலருகே 5 மணி நேரத்துக்கு மேல் தெரியும். ஐந்து பேரின் முன்கையில் ஒருமுறை உருட்டிப் பார்த்தது. வெயிலிலும் வியர்வையிலும் குறையும். வெளிர்நிறத் துணியில் எண்ணெய்க்கறை படியலாம்."

மொத்தமாக வாங்கிக் குப்பியில் நிரப்பினால் பேக் செய்பவர் நீங்கள்தான். நிகர அளவு, அதிகபட்ச விலை, உங்கள் பெயர், முகவரி ஆகியவை குப்பியிலும் விற்பனைப் பக்கத்திலும் இருக்க வேண்டும். வாசனைப் பொருள் சட்டப்படி அழகுசாதனப் பொருள் என்பதால், உரிமம் பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கேள்வி: ஆல்கஹால் இல்லாததால் "தோலுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை" என்று சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். கிராம்பிலும் எலுமிச்சையிலும் இயல்பாகவே இருக்கும் பொருள்கள் சிலருக்கு அரிப்பு தரும். குளிர்முறையில் பிழிந்த எலுமிச்சை எண்ணெய் பட்ட தோல் வெயிலில் கருக்கவும் கூடும். "முதலில் முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள்" என்று போட்டால் போதும்.