கள்ளப் பதிப்பா, அசலா? யாழ்ப்பாண வாசகர்கள் அனுப்பிய படங்களும் பதில்களும்

படம் அனுப்புகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாஷை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் படம் எடுங்கள். புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளையும் வையுங்கள். அது இல்லாத படத்தைப் பார்த்துத் தாளின் நிறம் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன்.

கொக்குவில் வாசகர்: ஐயா, திருவிழாக் காலக் கடையொன்றில் ஒரு மொழிபெயர்ப்பு நாவலை 600 ரூபாய்க்கு வாங்கினேன். முன்னட்டை, பின்னட்டை, முதுகு, பதிப்புரிமைப் பக்கம், உள்பக்கம் எல்லாம் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அசலா?

இல்லை, தம்பி. எப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் முதுகு. முன்னட்டையில் தலைப்பு வளைவும் தடிப்புமாக, ஓவியரே எழுதிய எழுத்தில் இருக்கிறது. முதுகில் அதே தலைப்பு எல்லாக் கணினியிலும் கிடைக்கிற சாதாரண எழுத்துருவில் இருக்கிறது. பதிப்பகத்தின் சின்னமும் அங்கே இல்லை. நூல் விற்கும் இணையப் பக்கங்களில் முன்னட்டை தெளிவாகக் கிடைக்கும், பின்னட்டையும் பெரும்பாலும் கிடைக்கும். முதுகை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. ஆகவே கள்ளப் பதிப்புக்காரன் முதுகைத் தானே எழுத்துக் கோத்துச் செய்கிறான், அங்கேதான் பிடிபடுகிறான். அசல் நூலை வாங்கி அட்டையை முழுதாக விரித்து ஸ்கேன் செய்தவன் என்றால் முதுகும் ஒழுங்காக வந்துவிடும். முதுகு சரியாக இருப்பதாலேயே நூல் அசல் ஆகிவிடாது.

இரண்டாவது, விலை. பின்னட்டையில் 499 இந்திய ரூபாய். பதிப்புரிமைப் பக்கத்தில் 399, பன்னிரண்டாம் பதிப்பு, 2019. அட்டை ஒரு பதிப்பிலிருந்தும் உள்பக்கங்கள் அதற்கு முந்திய வேறொரு பதிப்பிலிருந்தும் வந்திருக்கின்றன. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லமுடியாது. அச்சடித்து மீந்த உள்பக்கங்களுக்கு நேர்மையான பதிப்பகமே பிறகு புது அட்டை போடுவதும் உண்டு. ஆனால் 499 இந்திய ரூபாய் என்பது நம் பணத்தில் 1700 ரூபாய் அளவில் வரும். புத்தம் புதிய நூலை 600 ரூபாய்க்குக் கொடுக்கிறவருக்கு அது எங்கிருந்து வந்தது?

மூன்றாவதுதான் என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது. பதிப்புரிமைப் பக்கத்தின் படத்தைக் கைபேசியில் நன்றாகப் பெரிதாக்கி, ‘ண’ எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். அந்தப் பக்கத்தில்தான் நூலிலேயே மிகச் சிறிய எழுத்து இருக்கும். அசலில் ‘ண’வின் சுழிகள் ஒவ்வொன்றிலும் வெள்ளை தெரியும். உங்களுடையதில் சுழிகள் மையால் அடைபட்டிருக்கின்றன. சில மெய்யெழுத்துகளின் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிட்டது. ‘பதிப்பகம்’ என்ற சொல்லில் ஒரு புள்ளி காணாமலே போய்விட்டது. அச்சான பக்கத்தை ஸ்கேன் செய்து மீண்டும் அச்சடித்தால் எழுத்து ஒரு சுற்றுத் தடிக்கும், விளிம்பு அரித்ததுபோல் ஆகும். பெரிய எழுத்தில் இது தெரியாது, சிறிய எழுத்தில் மறைக்கமுடியாது.

உள்பக்கப் படமும் இதையே சொல்கிறது. 46ஆம் பக்கத்தில் வரிகள் இடப்புறம் சரிகின்றன, எதிரே 47 நேராக நிற்கிறது. இனித் தாளைத் திருப்பி 48ஐப் பாருங்கள். மடிப்போ வெட்டோ பிழைத்த அசல் நூல் என்றால் ஒரே தாளின் இரு புறமும் சேர்ந்து சரியும். ஒவ்வொரு பக்கமும் தன்பாட்டுக்குச் சரிந்தால், ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்து எடுத்திருக்கிறார்கள்.

நல்லூர் வாசகி: தாள் வெள்ளையாக இருந்தால் கள்ளப் பதிப்பு, மங்கிய மஞ்சளாக இருந்தால் அசல் என்று என் சிநேகிதி சொன்னாள். சரியா, ஐயா?

பாதி சரி, தங்கச்சி. இப்போது சென்னையிலிருந்து வரும் நாவல்கள் பலவும் ‘நேச்சுரல் ஷேட்’ என்று அச்சகங்களில் சொல்லும் இளமஞ்சள் தாளில் வருகின்றன. அவற்றின் கள்ளப் பதிப்பு மேப்லித்தோ என்ற மலிவான வெள்ளைத் தாளில் வரும்போது வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஆனால் வெள்ளை மேப்லித்தோவிலேயே முறையாக அச்சிடும் பதிப்பகங்களும் இருக்கின்றன. ஆகவே உங்கள் சிநேகிதியின் விதி, அதே நூலின் அசல் எந்தத் தாளில் வந்தது என்று தெரிந்தவருக்கு மட்டும் பயன்படும்.

படத்தில் பார்ப்பதென்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. மஞ்சள் குமிழ் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளும் இளமஞ்சளாகவே விழும். அதைக் கைபேசி தானாகத் திருத்தப்போய் இளமஞ்சளை வெள்ளையாக்கியும் விடும். ஏ4 தாள் கேட்பது இதற்காகத்தான். அது படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால்தான் பக்கத்திலிருக்கும் நூலின் நிறத்தை நம்பலாம்.

பழைய நூல் என்றால் மஞ்சள் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். வயதால் வந்த மஞ்சள் காற்றுப்படும் ஓரத்தில் கூடுதலாகவும், உள்ளே முதுகுப் பக்கம் குறைவாகவும் இருக்கும். ஓரமும் நடுவும் ஒரே நிறமென்றால் அது தாளின் சொந்த நிறம்.

சுன்னாகம் வாசகர்: ஐஎஸ்பிஎன் எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தேன், சரியான நூல்தான் வருகிறது. அப்படியானால் அசல்தானே?

இல்லை. அட்டையைப் பிரதி எடுக்கிறவன் எண்ணையும் பட்டைக்கோட்டையும் சேர்த்தே எடுக்கிறான். எண் பிழையாக இருந்தால் சந்தேகப்படலாம். 978க்கு அடுத்து இந்திய நூலுக்கு 81 அல்லது 93, இலங்கை நூலுக்கு 955 அல்லது 624 வரும். அது பொருந்தாவிட்டால் விசாரியுங்கள். பொருந்தினால் அதிலிருந்து எதுவும் தெரியாது.

பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி: என் பாடநூலில் ‘இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. தாளும் மெல்லியது. ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை, பிள்ளை. அது வெளிநாட்டுப் பதிப்பகமே குறைந்த விலைக்கு விட்ட பதிப்பாக இருக்கவேண்டும். அந்த வரிக்குக் கீழே நாடுகளின் பட்டியல் இருந்தால் இலங்கையும் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

வட்டுக்கோட்டை வாசகர்: அட்டையில் தலைப்புப் பொன்னிறத்தில் மின்னுகிறது. இவ்வளவு செலவு செய்து கள்ளப் பதிப்புப் போடுவார்களா?

பிளாஷ் போட்டு எடுத்திருக்கிறீர்கள், அட்டை முழுவதுமே மின்னுகிறது. ஜன்னலோரம் வைத்து, நூலைச் சற்றுச் சரித்து ஒரு படம், மறுபக்கம் சரித்து இன்னொரு படம் எடுங்கள். பொன் தகடு ஒட்டிய எழுத்தென்றால் மினுக்கம் ஒரு படத்தில் ஓரிடத்திலும் மறு படத்தில் வேறிடத்திலும் இருக்கும். மையால் அச்சான பொன்னிறமென்றால் இரண்டிலும் ஒரே மாதிரிக் கிடக்கும். பொன் தகடு ஸ்கேனரில் மண்ணிறமாகவோ கறுப்பாகவோ விழும்; அதைக் கணினியில் மஞ்சளாக்கி அச்சடிப்பார்கள். மேடாக எழுந்த எழுத்து என்றால் அதன் நிழல்கூட அட்டையில் அச்சாகியிருக்கும். விரலால் தடவினால் மேடு இருக்காது.

கோண்டாவில் வாசகர்: உள்ளே எழுத்துகள் வெளிச்சத்தில் மினுங்குகின்றன. போட்டோக் கொப்பி இயந்திரத்தில் எடுத்ததுதான் இப்படி மினுங்கும். ஆகவே இது கள்ளப் பதிப்பு. கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அவசரப்பட்டுவிட்டீர்கள். எழுத்தில் இருப்பது மையல்ல, டோனர்தான். ஆப்செட் மை தாளுக்குள் ஊறும். டோனர் மேலே உருகிப் படியும், அதனால் மினுங்கும். ஆனால் சென்னைப் பதிப்பகங்கள் பல இப்போது தேவைக்கேற்பச் சில பத்துப் பிரதிகள் மட்டும் டிஜிட்டல் இயந்திரத்தில் அச்சிடுகின்றன. பழைய தலைப்புகளும் கவிதை நூல்களும் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. உங்கள் படத்தில் ‘ண’ சுத்தமாக இருக்கிறது, பக்கங்கள் நேராக நிற்கின்றன. அது பதிப்பகத்தின் கோப்பிலிருந்து நேரடியாக அச்சானதாகவே எனக்குத் தெரிகிறது.

அச்சகத் தொழிலாளி, மானிப்பாய்: அண்ணை, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பதிப்பகத்தின் கோப்பே வெளியே போய்விட்டால்? எங்கள் தொழிலில் கோப்பு பல கை மாறுகிறது. அந்தக் கோப்பிலிருந்து அடித்தால் ‘ண’ சுத்தமாகத்தான் இருக்கும்.

உண்மை. அப்படியான நூலை உள்பக்கப் படத்தைப் பார்த்துப் பிடிக்கமுடியாது. அட்டையும் கட்டும் மட்டுமே மிஞ்சும்.

கோண்டாவில் வாசகர்: அப்படியென்றால் நான் சொன்னது சரி. டோனர் என்றாலே சந்தேகப்படவேண்டும்.

சந்தேகப்படுங்கள், சண்டை போடாதீர்கள். நேர்மையாக நூறு பிரதி அடித்த சிறு பதிப்பகத்தின் நூலைக் கடைக்காரர் அடுத்த தடவை எடுக்கமாட்டார். அந்த இழப்பு கள்ளப் பதிப்புக்காரனுக்கு வராது.

அச்சகத் தொழிலாளி, மானிப்பாய்: கட்டைப் பார்த்தும் சொல்லமுடியாது, அண்ணை. பசைக் கட்டு இரண்டு பேரும் போடுகிறார்கள். நூல் தையல் இப்போது யார் போடுகிறார்கள்?

பசைக் கட்டு என்பதற்காக நானும் எந்த நூலையும் தள்ளமாட்டேன். அசல் தைத்த நூல் என்று தெரிந்திருந்தால் மட்டும் அது சாட்சி. தைத்த நூலை மேலிருந்து படம் எடுத்தால் முதுகோரத்தில் சிறு சிறு மடிப்புக் கட்டுகள் அடுக்காகத் தெரியும். பசைக் கட்டில் எல்லாத் தாளும் தனித்தனியாக, தட்டையாக நிற்கும். தடிப்பும் கவனிக்கவேண்டியது. அதே பக்க எண்ணிக்கை, ஆனால் அசலைவிட முதுகு மெலிந்திருந்தால் தாளை மாற்றிவிட்டார்கள். பதிப்பகமே மறுபதிப்பில் தாளை மாற்றியிருக்கலாம் என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். கேளுங்கள், அதுவும் நியாயம்தான். இரண்டு பிரதிகளும் ஒரே பதிப்பு எண்ணைக் காட்டினால் அந்த நியாயம் நிற்காது.

சாவகச்சேரி வாசகி: என் தாத்தா 1950களில் எழுதிய நூலை எங்களிடம் கேட்காமல் ஒருவர் மறுபதிப்புச் செய்துவிட்டார். அட்டை, தாள் எல்லாம் அழகாக இருக்கிறது. இது கள்ளப் பதிப்பா?

தாளையும் அட்டையையும் பார்த்து இதற்குப் பதில் இல்லை, அம்மா. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை இருக்கும். தாத்தா இறந்த ஆண்டையும், அவர் பதிப்பகத்தோடு செய்த உடன்படிக்கை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.

அச்சுவேலி வாசகர்: ஐயா, ஐஎஸ்பிஎன் சரியாக இருக்கிறது, ஆகவே...

சுன்னாகம் வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

உரும்பிராய் வாசகர்: கைபேசியில் வந்த பிடிஎப் அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் அச்சு நூலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அச்சகத் தொழிலாளி, மானிப்பாய்: அண்ணை, கடைசியாக ஒன்று. என் கையில் இருக்கும் நூலின் படங்கள் இவை. ‘ண’ சுத்தம், முதுகு சரி, விலை ஒத்துப்போகிறது, எழுத்து டோனர், தாள் மட்டும் மெலிவு. என்ன சொல்கிறீர்கள்?

படத்தை வைத்து எதுவும் சொல்லமாட்டேன். பதிப்புரிமைப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது, பதிப்பு எண்ணும் மாதமும் இருக்கின்றன. அந்தப் பக்கத்தையும் முதுகின் தடிப்பை அடிமட்டம் வைத்து எடுத்த படத்தையும் பதிப்பகத்துக்கே அனுப்பி, அந்தப் பதிப்பை அந்த அச்சகத்தில் அந்தத் தாளில் அடித்தார்களா என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், தம்பி.