எட்டுப் பக்கக் கட்டுரை ஒரு போஸ்டராக வேண்டுமா?

"வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் மாரிக்கு முன்னும் பின்னும் நைத்திரேற்று அளந்து எட்டுப் பக்கத்தில் கட்டுரை எழுதினேன். மாநாட்டில் அதை ஏ-0 போஸ்டராகப் போடச் சொல்கிறார்கள். எதை விடுவது, எந்த ஒழுங்கில் வைப்பது என்று விளங்கவில்லை." – மாணவி, திருநெல்வேலி

வெட்டத் தொடங்குமுன் விடையை ஒரே வசனமாக எழுதுங்கள்: மாரிக்குப் பின் எந்தக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியது? அந்த வசனமே தலைப்பு. "பருவகால மாறுபாடு குறித்த ஓர் ஆய்வு" என்று போட்டால் நடந்து போகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

மொத்தம் 400 சொற்களுக்குள் நில்லுங்கள். முன்னைய ஆய்வுகள் பற்றிய பகுதியையும் பொழிப்பையும் முழுதாக நீக்கிவிடுங்கள். முறை மூன்று வரி. ஆனால் அளந்த முறையே புதிதென்றால், உதாரணமாக மலிவான சோதனைத் தாளை ஆய்வுகூட அளவீட்டோடு ஒப்பிட்டிருந்தால், முறைதான் உங்கள் முடிவு. அப்போது வரைபடமும் அதற்கே. சாதாரணமாக மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் அளந்திருந்தால் இந்த விலக்கு உங்களுக்கில்லை. அட்டவணைக்குப் பதில் ஒரே வரைபடம் போதும். அதில் உலக சுகாதார தாபனத்தின் 50 மில்லிகிராம்/லீற்றர் (NO₃⁻ ஆக) எல்லையைக் கோடாகப் போடுங்கள். உங்கள் அளவு நைதரசனாகக் கணக்கிட்டதென்றால் எல்லை ஏறத்தாழ 11. இரண்டையும் கலந்தால் முடிவே பிழைத்துவிடும்.

பவர்பொயின்றில் முதலிலேயே Slide Size-ஐ 84.1 × 118.9 செ.மீ. ஆக்குங்கள். இரண்டு நிரல் போதும்: இடப்பக்கம் கேள்வி, இடம், முறை, வலப்பக்கம் வரைபடம், முடிவு. வாசிப்பு ஒழுங்கை அம்புக்குறி அல்ல, இடைவெளிதான் காட்டும். நிரல்களுக்கிடையே 4 செ.மீ., மேல்கீழ்ப் பெட்டிகளுக்கிடையே 2 செ.மீ. விடுங்கள். இது தலைகீழானால் கண் கீழே இறங்காமல் பக்கவாட்டில் தாவும். இரு நிரலையும் மறித்து நடுவில் படம் வைத்தாலும் அதேதான்: வாசிப்பவர் அதற்குக் கீழே போவதா, அடுத்த நிரலுக்கு ஏறுவதா என்று திகைப்பார்.

எழுத்து 32 புள்ளி, தலைப்பு 90. ஏ-4 தாளில் அச்சிட்டால் நாலில் ஒன்றாகச் சுருங்கி 32 எட்டாகும். அதைக் கைத்தூரத்தில் வாசிக்க முடியாவிட்டால் சொற்களை இன்னும் குறையுங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள்.

மாநாட்டுக்காரர் அளவை மட்டும் அனுப்பிவிட்டு, பொழிப்பு முழுதும் வேண்டும், எல்லாச் சின்னமும் வேண்டும் என்கிறார்கள். யாரும் வாசிக்காத போஸ்டர்கள் மண்டபத்தை நிறைப்பதற்கு இதுவே காரணம். பொழிப்பைக் கட்டாயம் கேட்டால் அடியில் சிறிதாக வையுங்கள்.

"டிசைன் செய்து தருகிறோம்" என்கிற அச்சுக் கடைகளிடம் கோப்பைத் திறந்த வடிவில் கொடுக்கவே வேண்டாம். தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்து சிதறும், NO₃⁻ இன் கீழெண் காணாமல் போகும். அதைத் திருத்தவும் உங்களிடமே காசு வாங்குவார்கள். எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். 3 × 4 அடி பிளெக்ஸில் இழுத்து நிரப்புகிறார்களா என்றும் பாருங்கள். அது ஏ-0 விகிதமல்ல. மாதிரித் தாளில் பல்கலைக்கழகச் சின்னத்தின் அகலத்தையும் உயரத்தையும் அடிமட்டத்தால் அளந்து மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டே பணம் கொடுங்கள்.